படிப்புத் தவணை, வேலைத் தவணை: சாச்சாவின் காணியும் ஒரு கணக்கும்

சென்ற வருடம் எங்கள் குறிஞ்சிப்பிட்டியில் ஒரு கல்யாண வீடு. கனடாவின் டொரன்டோவிலிருந்து வந்த உறவினர் ஒருவர், தன் மகள் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பதாகச் சொன்னார். "நாலு மாசம் படிப்பு, நாலு மாசம் வேலை. அவள் படிப்புச் செலவை அவளே உழைச்சிக் கட்டிர்றாள். நான் ஒரு சதமும் குடுக்கிறதில்ல" என்றார். சாப்பாட்டுச் சஹனைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் அதைக் கேட்டார்கள். என் சாச்சாவும் கேட்டார்.

சாச்சாவின் மூத்த மகள், என் ராத்தா, அப்போதுதான் கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தார். இரண்டு வாரத்துக்குள் சாச்சா ஒரு முகவரைச் சந்தித்துவிட்டார். "முதல் வருஷக் காசை மட்டும் கட்டுங்க, மிச்சத்தை மகளே உழைச்சிக் கட்டிக்குவாங்க" என்று முகவரும் சொல்லியிருக்கிறார். அந்த முதல் வருடக் காசுக்காகத் தோட்டக் காணியை விற்பது என்ற பேச்சு வீட்டில் ஆரம்பமானது.

விற்பதற்கு முன் கணக்கைப் போட்டுப் பார்க்கும் வேலை எனக்கும் ராத்தாவுக்கும் வந்து சேர்ந்தது. நாங்கள் வாசித்ததும் கணக்கிட்டதும் இந்தக் கட்டுரை. டொரன்டோ உறவினர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் மகளுக்குப் பொருந்துகிற கணக்கு ராத்தாவுக்குப் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதுதான் நாம் அறிய வேண்டியது.

இது எப்படிப்பட்ட படிப்பு?

ஆங்கிலத்தில் இதனைக் 'கோ-ஒப்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பல்கலைக்கழகமும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து மாணவரை உருவாக்கும் கூட்டுறவுக் கல்வி என்பது பொருள். இதனை முதலில் நடத்திக் காட்டியவர் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் இருந்த ஹேர்மன் ஷ்னைடர். 1906 இல் 27 பொறியியல் மாணவர்களோடு தொடங்கினார். மாணவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்க்கப்பட்டனர். ஒருவர் வகுப்பில் இருக்கும் வாரம் மற்றவர் தொழிற்சாலையில் இருப்பார். அடுத்த வாரம் இடம் மாறுவார்கள். இதனால் தொழிற்சாலையில் அந்த இடம் ஒருபோதும் வெறுமையாக இருக்காது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957 இல் இந்த முறையோடுதான் பிறந்தது. இன்று அங்கே வாரத்துக்குப் பதிலாக நான்கு மாதத் தவணைகள் உள்ளன. பொறியியல் பட்டத்துக்கு எட்டுப் படிப்புத் தவணைகள், ஆறு வேலைத் தவணைகள். எல்லாவற்றையும் கூட்டினால் நான்கு வருடமும் எட்டு மாதமும் ஆகும். கோடை விடுமுறை என்று நீண்ட ஓய்வு கிடையாது.

வேலைத் தவணையில் மாணவி முழுநேர ஊழியர். நிறுவனம் அவருக்குச் சம்பளம் கொடுக்கும். அந்த நான்கு மாதத்துக்கு அவர் பல்கலைக்கழகத்துக்குப் பாடக் கட்டணம் கட்டுவதில்லை. ஆனால் வேலை தேடித் தரும் அலுவலகத்தை நடத்துவதற்கென்று பல நூறு டொலர் கொண்ட ஒரு தனிக் கட்டணம் உண்டு. அது படிப்புத் தவணைக் கட்டணத்தோடு சேர்ந்தே வரும். அந்தத் தடவை வேலை கிடைக்கவில்லை என்பதற்காக அந்தக் காசைத் திருப்பித் தரமாட்டார்கள்.

இதில் முதலில் விளங்க வேண்டியது, வேலையைப் பல்கலைக்கழகம் கையில் தூக்கித் தருவதில்லை என்பது. நிறுவனங்கள் தமது வேலைகளைப் பல்கலைக்கழகத்தின் இணையத் தளத்தில் போடும். மாணவி பல பத்து வேலைகளுக்கு விண்ணப்பிப்பார். நிறுவனம் தான் விரும்பியவர்களை அழைத்து நேர்முகப் பரீட்சை வைக்கும். ஜனவரியில் தொடங்கும் வேலைக்கான விண்ணப்பமும் நேர்முகமும் அதற்கு முந்திய செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலேயே நடக்கும். அதாவது, பாடங்களும் இடைப் பரீட்சைகளும் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த வேலைக்கான ஓட்டமும் நடக்கும். முதல் வேலைதான் கடினம். கையில் அனுபவம் இல்லாத முதலாம் வருட மாணவியும், மூன்று வேலைகளை முடித்த மூத்த மாணவியும் ஒரே வேலைக்கு விண்ணப்பிக்கக் கூடும். எந்தப் பல்கலைக்கழகமும் வேலைக்கு உத்தரவாதம் தருவதில்லை.

கட்டணக் கணக்கு

இனி நாங்கள் போட்ட கணக்குக்கு வருவோம். ஒரு கனடிய டொலரை 215 இலங்கை ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். எளிதாக விளங்குவதற்காக எண்களை முழுமைப்படுத்தியிருக்கிறோம்.

வாட்டர்லூவில் பொறியியல் படிக்கும் வெளிநாட்டு மாணவிக்குப் பாடக் கட்டணம் ஆண்டுக்கு, அதாவது இரண்டு படிப்புத் தவணைக்கு, 70,000 டொலரைத் தாண்டுகிறது. தவணைக்கு 35,000 என்று கொள்வோம். எட்டுத் தவணைக்கு 280,000 டொலர். நம் பணத்தில் ஆறு கோடி ரூபாய்.

இப்போது வேலைத் தவணை. மணித்தியாலத்துக்கு 25 டொலர் சம்பளம் கிடைக்கிறது என்று வைப்போம். முதல் வேலைக்கு இது நல்ல சம்பளம். வாரத்துக்கு 40 மணித்தியாலம், 16 வாரம். 25 ஐ 40 ஆல் பெருக்கி 16 ஆல் பெருக்கினால் 16,000 டொலர். ராத்தா இந்த எண்ணைக் கண்டதும் கண்களை விரித்தார். 16,000 டொலர் என்றால் 34 இலட்சம் ரூபாய் அல்லவா?

ஆனால் அந்தக் காசு முழுவதும் கைக்கு வராது. வருமான வரி, ஓய்வூதிய நிதி, வேலையற்றோர் காப்புறுதி என்று சம்பளத்திலிருந்தே வெட்டுவார்கள். வரியில் ஒரு பகுதியை வருட இறுதிக் கணக்குச் சமர்ப்பித்துத் திருப்பி எடுக்கலாம். அதையும் சேர்த்து 14,000 கைக்கு வருகிறது என்று தாராளமாகவே கொள்வோம். அந்த நான்கு மாதமும் அவர் எங்கேயாவது தங்க வேண்டும், சாப்பிட வேண்டும். அறை வாடகை மாதம் 1,000 என்றால் நான்கு மாதத்துக்கு 4,000. சாப்பாடு 1,800. பஸ், தொலைபேசி, குளிர் உடுப்பு எல்லாம் சேர்த்து 1,200. மொத்தம் 7,000. மிச்சம் 7,000 டொலர்.

வேலை முடிந்து அடுத்த படிப்புத் தவணைக்கு வருகிறார். அப்போதும் நான்கு மாதம் வாடகையும் சாப்பாடும் உண்டு. அதற்கும் அதே 7,000 டொலர் வேண்டும். கையில் இருந்த மிச்சம் அதோடு தீர்ந்துவிடும். கட்ட வேண்டிய 35,000 டொலர் அப்படியே நிற்கிறது!

இந்த இடத்தில் நாங்கள் இருவரும் பேனையை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தோம். வேலைத் தவணையின் மிச்சம் படிப்புத் தவணையின் சாப்பாட்டையும் கூரையையும் தாங்கும். பாடக் கட்டணத்தைத் தாங்காது. இதுதான் எங்கள் கணக்கின் விடை.

மூத்த வருடங்களில் சம்பளம் கூடும் என்பது உண்மை. ஆகவே ராத்தா இன்னொரு முறை கணக்கிட்டார். முதல் மூன்று வேலைகளில் 7,000 வீதமும், கடைசி மூன்று வேலைகளில் அதன் இருமடங்கான 14,000 வீதமும் மிச்சம் என்று வைத்தார். மொத்தம் 63,000 டொலர். அதை முழுதாகக் கட்டணத்துக்கே கொடுத்தாலும் 280,000 இல் நான்கில் ஒரு பங்கை எட்டவில்லை. அப்படிக் கொடுத்துவிட்டால் படிப்புத் தவணைகளில் சாப்பிடக் காசு வீட்டிலிருந்துதான் போக வேண்டும்.

டொரன்டோ மகளின் கணக்கு

அப்படியென்றால் கல்யாண வீட்டில் சொன்ன கதை? அந்த மகள் கனடிய பிரஜை, ஒன்டாரியோவில் வாழ்பவர். அதே பல்கலைக்கழகத்தில், அதே வகுப்பில், அதே வாங்கில் இருந்தாலும் அவருக்கான கட்டணம் வேறு. மாகாண அரசு தன் மக்களின் பிள்ளைகளுக்காகப் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுக்கிறது, கட்டணத்துக்கும் வரம்பு வைக்கிறது. அதனால் அவருக்குப் பொறியியல் கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 18,000 டொலர். தவணைக்கு 9,000.

சம்பளமோ இருவருக்கும் ஒன்றுதான். நிறுவனம் பிரஜை என்று ஒருவருக்குக் கூட்டியும் மற்றவருக்குக் குறைத்தும் கொடுப்பதில்லை. டொரன்டோவிலேயே வேலை கிடைத்தால் அந்த மகள் உம்மா வாப்பாவின் வீட்டிலிருந்தே போய்வருவார். வாடகை இல்லை, சாப்பாட்டுச் செலவு இல்லை. கைக்கு வரும் 14,000 டொலரில் 9,000 ஐக் கட்டணமாகக் கட்டினாலும் மீதி இருக்கும். அவருடைய வாப்பா ஒரு சதமும் கொடுக்காதது உண்மைதான்.

ஒரே சம்பளம் ஒருவருக்குக் கட்டணத்தைவிடப் பெரியது, மற்றவருக்குக் கட்டணத்தின் பாதிகூட இல்லை. இந்த வித்தியாசம் கல்யாண வீட்டுக் கதையோடு சேர்ந்து பயணம் செய்வதில்லை. கதை மட்டும் ஊருக்கு வந்துவிடுகிறது.

எந்தக் காசு முதலில் போகும்?

கூட்டுத்தொகையைப் போலவே காசு போய்வரும் ஒழுங்கும் முக்கியம். பல மாணவர்கள் முதலில் இரண்டு படிப்புத் தவணைகளை முடித்த பிறகே முதல் வேலைக்குப் போகிறார்கள். செப்டெம்பரில் போனவர் ஏப்ரல் வரை படிப்பார். மே மாதம் வேலை தொடங்கும். முதல் சம்பளம் கைக்கு வருமுன் கட்டணத்துக்கு 70,000, வாழ்வதற்கு 14,000 என 84,000 டொலர் போயிருக்கும்.

கனடிய அரசும் இதனை அறிந்தே வைத்திருக்கிறது. கல்வி அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது முதல் வருடக் கட்டணம், பயணச் செலவு, அவற்றுக்கு மேலாக ஒரு வருடம் வாழ்வதற்கான பணம் ஆகியவை கையில் இருப்பதைக் காட்ட வேண்டும். வாழ்க்கைச் செலவுக்காகக் காட்ட வேண்டிய தொகை 2024 ஜனவரியில் 20,635 டொலராக உயர்த்தப்பட்டது. 2025 செப்டெம்பர் முதல் தனி ஆளுக்கு அது 22,895 டொலர். கனடாவில் வேலை செய்யாமலே படிக்கவும் வாழவும் வசதி உண்டு என்று காட்ட வேண்டும் என்பதே விதி. 'வேலைத் தவணையில் உழைப்பேன்' என்று எழுதி இந்தத் தொகையைக் குறைக்க முடியாது.

70,000 ஐயும் 22,895 ஐயும் கூட்டி 215 ஆல் பெருக்கினோம். கிட்டத்தட்ட இரண்டு கோடி ரூபாய். சாச்சாவின் காணியை விற்றால் வருவது அதில் ஒரு பகுதிதான். மீதியை எங்கே எடுப்பது? வட்டிக்குக் கடன் எடுப்பதில்லை என்பது சாச்சாவின் முடிவு. அப்படியே எடுத்தாலும், இரண்டாம் வருடத்துக்கு மறுபடியும் 70,000 டொலர் வேண்டுமே! அதற்கு விற்க இன்னொரு காணி இல்லை. காணியும் போய், படிப்பும் பாதியில் நிற்கும் நிலைதான் இதில் பயப்பட வேண்டியது.

அனுமதிப்பத்திரங்கள்

பலர் ஒரே வீசாவில் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். கனடாவில் நீண்ட காலமாக இருந்து வந்த முறையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று கல்வி அனுமதி. மற்றது, படிப்பின் பகுதியாகிய வேலைக்கென்று தனியே தரப்படும் வேலை அனுமதி. இரண்டாவது தாளுக்குக் கட்டணம் இருக்கவில்லை. கல்வி அனுமதி விண்ணப்பத்தோடு சேர்த்தே அதையும் கேட்க முடிந்தது. இந்த இரண்டாவது தாளின் தேவையை நீக்கும் திருத்தத்தில் கனடிய அரசு இறங்கியது. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடைமுறையில் இருக்கிறது என்பதைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். முகவரின் வாய்ப்பேச்சு போதாது.

இந்த வேலை அனுமதியின் பின்னால் உள்ள இரண்டு நிபந்தனைகளைத் தெரிந்துகொண்டால் போலியையும் அசலையும் பிரிக்கலாம். முதலாவது, அந்தப் பட்டத்தைப் பெற வேலை செய்தே ஆக வேண்டும் என்று இருக்க வேண்டும். அந்தப் படிப்பின் எல்லா மாணவருக்கும் வேலைப் பகுதி கட்டாயம் என்று கல்வி நிறுவனம் கடிதம் தர வேண்டும். இரண்டாவது, வேலைப் பகுதி முழுப் படிப்பின் பாதியைத் தாண்டக் கூடாது. வாட்டர்லூவின் எட்டுக்கு ஆறு என்ற பங்கு இதற்குள் அடங்குகிறது. 'ஆறு மாதம் படிப்பு, ஒரு வருடம் வேலை' என்று யாராவது சொன்னால் அது அடங்காது.

இந்த வேலைத் தவணையைப் படிப்பு நாட்களில் செய்யும் பகுதிநேர வேலையோடு குழப்பக் கூடாது. வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம் என்பது 2024 நவம்பர் முதல் உள்ள விதி. கடையிலோ உணவகத்திலோ செய்யும் அந்த வேலைக்கும் பட்டத்துக்கும் தொடர்பில்லை. முகவர்கள் சில வேளை இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து 'படித்துக்கொண்டே உழைக்கலாம்' என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள்.

சிறிய விடயம் போலத் தோன்றும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எந்த அனுமதியும் கடவுச்சீட்டின் காலாவதித் திகதியைத் தாண்டி வழங்கப்படுவதில்லை. கடவுச்சீட்டில் இரண்டு வருடம்தான் மீதி என்றால் ஐந்து வருடப் படிப்புக்கும் இரண்டு வருட அனுமதிதான் வரும். பிறகு அங்கிருந்து கடவுச்சீட்டைப் புதுப்பித்து, அனுமதியையும் நீடிக்க வேண்டும். அந்த இடைவெளி ஒரு வேலைத் தவணையில் விழுந்தால் வேலையைத் தொடங்க முடியாமல் போகலாம். புறப்படுமுன் புதிய கடவுச்சீட்டு எடுப்பது இந்தத் தலைவலியைத் தவிர்க்கும்.

வேலைத் தவணைகள் நிரந்தர வதிவிடத்துக்கு உதவுமா என்று உம்மாமார் கேட்கிறார்கள். முழுநேர மாணவியாக இருந்துகொண்டு செய்த வேலை, கனடிய அனுபவத்துக்கான குடியேற்றப் பிரிவில் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. ஆறு வேலைத் தவணை என்றால் இரண்டு வருட அனுபவம். தொழில் தேடும்போது அதற்குப் பெறுமதி உண்டு. குடியேற்றக் கணக்கில் அது பூச்சியம்.

கிரெடிட் எப்போது கிடைக்கும்?

வேலைக்குப் போனால் கிரெடிட் தானாக வந்துவிடும் என்பது அடுத்த தவறான எண்ணம். வேலையைத் தொடங்குமுன் அதைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். அது சம்பளமுள்ள முழுநேர வேலையாக இருக்க வேண்டும். குறைந்தது 12 வாரம், 420 மணித்தியாலம் செய்திருக்க வேண்டும். முடிவில் மேலதிகாரி மாணவியை மதிப்பிட்டுப் படிவம் அனுப்புவார்.  இவற்றில் ஒன்று தவறினாலும் சம்பளம் கையில் இருக்கும், கிரெடிட் இருக்காது.

வாட்டர்லூ பொறியியலில் ஆறில் ஐந்து வேலைத் தவணைகளாவது கிரெடிட்டோடு முடிந்திருக்க வேண்டும். அதாவது ஒரேயொரு தவணை தவறலாம். சொந்தக்காரரின் கடையில் நான்கு மாதம் நின்றுவிட்டு அதை வேலைத் தவணை என்று சொல்ல முடியாது. பிடிக்கவில்லை என்று நடுவில் விட்டுவிட்டு வந்தால் அந்தத் தவணையில் சித்தியடையாதவர் என்றே பதியப்படும்.

இந்தக் கிரெடிட் பாடங்களுக்குப் பதிலாகவும் வராது. எட்டுப் படிப்புத் தவணையின் பாடங்கள் அனைத்தையும் படித்தே ஆக வேண்டும். வேலைக் கிரெடிட் அதற்கு மேலாகச் சேர்வது. 'வேலை செய்தால் பாடம் குறையும், கட்டணமும் குறையும்' என்று முகவர் சொன்னதாகச் சாச்சா சொன்னார். இரண்டும் நடப்பதில்லை.

முகவரிடம் கேட்ட கேள்விகள்

எங்கள் கணக்கோடு சாச்சா மறுபடியும் முகவரிடம் போனார். ராத்தாவும் கூடப் போனார். ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதிக் கொண்டுபோனார்கள்.

கல்வி நிறுவனத்தின் பெயர் என்ன? அதன் அனுமதி எண் என்ன? வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதி பெற்ற ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கனடிய அரசு ஓர் எண் தருகிறது. அது 'ஓ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அரசின் இணையப் பட்டியலில் யாரும் அதைத் தேடிப் பார்க்கலாம்.

வேலைப் பகுதி எல்லா மாணவருக்கும் கட்டாயமா? அதற்கான கடிதத்தின் மாதிரியைக் காட்ட முடியுமா?

கட்டணம் யாருடைய வங்கிக் கணக்குக்குப் போகும்? கல்வி நிறுவனத்தின் கணக்குக்கா, முகவரின் கணக்குக்கா?

வேலை நிச்சயம் என்று சொல்கிறீர்களே, எந்த நிறுவனத்தில்? வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதென்றால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்க வேண்டும். அது உங்களிடம் இருக்கிறதா?

முகவர் முதல் கேள்விக்கு ஒரு பெயரைச் சொன்னார். அது வாட்டர்லூ அல்ல, கேள்விப்படாத ஒரு தனியார் கல்லூரி. ஒரு வருட டிப்ளோமா, அதில் ஆறு மாதம் வேலை. அப்படிப்பட்ட தனியார் கல்லூரிகளில் படித்து முடிப்பவர்களுக்குப் பொதுவாகப் படிப்புக்குப் பிந்திய வேலை அனுமதி கிடைப்பதில்லை. ஆறு மாத வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். மூன்றாம் கேள்விக்கு, "எங்கட கணக்குல போடுங்க, நாங்க அனுப்புவோம்" என்றார். நான்காம் கேள்விக்குப் பதிலே வரவில்லை.

யாருக்கு இது பொருந்தும்?

இந்தப் படிப்பு முறையில் குறை இல்லை. படித்ததை நான்கு மாதத்திலேயே செய்து பார்ப்பதும், பட்டம் எடுக்கும்போது இரண்டு வருட வேலை அனுபவம் கையில் இருப்பதும் பெரிய விடயம். கனடாவில் பிரஜையாகவோ நிரந்தர வதிவாளராகவோ வாழும் நம்மவரின் பிள்ளைகளுக்கு அது கட்டணத்தையும் பெரும்பாலும் தாங்கும். இங்கிருந்து போகிறவருக்கு அது பொருந்த வேண்டுமானால், வேலைச் சம்பளத்தை ஒரு சதமும் சேர்க்காமலே முழுக் கட்டணத்தையும் கட்ட வழி இருக்க வேண்டும். அந்த வழி குடும்பத்தின் வசதியாகவோ பெரிய புலமைப்பரிசிலாகவோ இருக்கலாம். சம்பளத்தை நம்பி முதல் வருடத்தை மட்டும் கட்டிவிட்டுப் போவதுதான் ஆபத்து.

நம் நாட்டிலும் இதன் சிறிய வடிவம் ஒன்று இருக்கிறது. மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள் தமது பட்டத்தின் பகுதியாக ஆறு மாதம் தொழிற் பயிற்சிக்குப் போகிறார்கள். ஆறு தவணைக்குப் பதிலாக ஒன்றுதான். ஆனால் அரச பல்கலைக்கழகத்தில் பாடக் கட்டணம் இல்லை.

பெறுபேறு வந்தது. ராத்தாவுக்குப் பொறியியல் கிடைக்கவில்லை. அரச பல்கலைக்கழகம் ஒன்றில் பௌதிக விஞ்ஞானம் கிடைத்தது. அதை ஏற்றுக்கொண்டார். முதுமாணிப் படிப்புக்கு உதவித்தொகையோடு வெளிநாடு போகலாம் என்ற எண்ணம் அவருக்கு இருக்கிறது. அதற்கான கணக்கை அப்போது போட்டுக்கொள்ளலாம் என்கிறார்.

சாச்சாவின் தோட்டத்தில் இந்தப் போகம் மிளகாய் நிற்கிறது. நாங்கள் கணக்குப் போட்ட கொப்பித் தாளை அவர் கிழித்தெடுத்துக் காணி உறுதியோடு சேர்த்து அலுமாரியில் வைத்திருக்கிறார். யாராவது வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிக் கேட்டு வந்தால் அந்தத் தாளை எடுத்துக் காட்டுகிறார். "இதுல உங்கட எண்ணைப் போட்டுப் பாருங்க" என்று மட்டும் சொல்கிறார்.